பாப் கணக்கை ஐமேப்புக்கு மாற்றியபோது: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் மெயில்கள்

ஆத்தங்குடியில் உள்ள ஒரு டைல்ஸ் பட்டறையின் மெயில் கணக்கைப் பற்றியது இது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டுக் கையால் செய்யும் டைல்கள்தான் அங்கே தொழில். ஆர்டர்கள் பெரும்பாலும் மெயிலில் வருகின்றன. கட்டடக் கலைஞர் அனுப்பும் வரைபடம், நிறத்தைப் பற்றிய பேச்சு, அளவு, விலை எல்லாம் அதில்தான். எட்டு வருடம் கழித்து ஒரு வீட்டில் பத்து டைல் உடைந்து, அதே பூ, அதே சிவப்பு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அப்போது பழைய மெயிலைத் தேடி எடுத்தால்தான் வேலை நடக்கும். ஆகவே இங்கே மெயில் தொலைந்தால் ஒரு வீட்டுத் தரையின் விவரமே தொலைந்த மாதிரி.

பட்டறை மேசைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள், அதில் பாப் கணக்கு, 2012 முதல் சேர்ந்த மெயில்கள். முதலாளியின் மகன் கோவையில் இருக்கிறார். அவருடைய போனிலும் அதே மெயில் தெரிய வேண்டும், அவர் பதில் போட்டால் பட்டறையிலும் தெரிய வேண்டும் என்பதுதான் தேவை. அவரே போனில் ஐமேப் கணக்காகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அன்று வியாழக்கிழமை. நான்கு நாள் மெயில் மட்டும் தெரிந்தது. "பழைய மெயில் எல்லாம் போயிருச்சா தம்பி?" என்று முதலாளி பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

எதுவும் போகவில்லை. பாப் என்பது சர்வரில் வந்து கிடக்கும் மெயிலை எடுத்துக் கணினிக்குக் கொண்டுவரும் முறை. எடுத்த பிறகு சர்வர் பிரதியை உடனே அழிப்பதா, சில நாள் விட்டு வைப்பதா என்பது மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. பழைய மெயில் முழுக்க அந்த மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. ஐமேப் அப்படியல்ல. சர்வரில் இருப்பதைத்தான் அது எல்லாக் கருவிகளிலும் காட்டும். சர்வரில் இல்லாததை அதனால் காட்ட முடியாது. அனுப்பிய மெயில்களின் நிலை இன்னும் மோசம். பாப்புக்கு இன்பாக்ஸ் தவிர வேறு ஃபோல்டரே தெரியாது என்பதால், `Sent` முழுவதும் அந்தக் கணினியோடு நின்றுவிடுகிறது.

தண்டர்பேர்டில் ஒரு பாப் கணக்கை அப்படியே ஐமேப் ஆக்கும் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. அதே முகவரிக்கு ஐமேப் கணக்கு ஒன்றைப் புதிதாகப் பக்கத்தில் சேர்த்து, பழைய மெயிலை அதற்குள் நகலெடுப்பதுதான் வழி. நகலெடுத்தால் அது சர்வருக்கு ஏறிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மெயில் உண்மையிலேயே காணாமல் போகும் இடம் இதுதான், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பிரதி எடுத்தோம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, வெளி டிஸ்குக்கு முழு ஃபோல்டரையும் நகலெடுத்தாயிற்று:

```
robocopy "%APPDATA%\Thunderbird" "E:\mail-backup\Thunderbird" /E
```

மென்பொருள் திறந்திருக்கும்போது இதைச் செய்தால், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு அரைகுறையாக வரலாம். மெயில்கள் `Mail` என்ற ஃபோல்டருக்குள் `Inbox`, `Sent` என்று பின்னொட்டு இல்லாத பெரிய கோப்புகளாக இருக்கும். பக்கத்தில் `.msf` என்று முடியும் சிறிய கோப்புகள் வெறும் அட்டவணைதான், அவை கெட்டாலும் தண்டர்பேர்ட் மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

எல்லாம் சேர்த்து 8.2 ஜிபி இருந்தது. மெயில் சேவை தரும் நிறுவனம் இந்தக் கணக்குக்கு ஒதுக்கியிருந்த இடமோ 2 ஜிபி. ஆனால் அந்த 8.2 உண்மையான அளவு இல்லை. தண்டர்பேர்டில் ஒரு மெயிலை அழித்தால் அது பட்டியலிலிருந்து மறையுமே தவிர, கோப்பிலிருந்து போகாது. ஃபோல்டரைச் சுருக்கும்போதுதான் போகும், அதற்கு அதன் மேல் வலது சொடுக்கி `Compact` கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு 5.4 ஜிபி ஆயிற்று: இன்பாக்ஸ் 3.1, அனுப்பியவை 0.9, வீடுவாரியாகப் பிரித்து வைத்திருந்த ஃபோல்டர்கள் 1.4. இந்த வேலையைப் பிரதி எடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். எப்போதோ தவறுதலாக அழித்த மெயில் சுருக்காத கோப்பில் இன்னும் இருக்கும், சுருக்கிய பின் அதை மீட்க முடியாது.

இனி அந்த நான்கு நாள் கணக்குக்கு வருவோம். மேசைக் கணினியின் கணக்கு அமைப்பில் `Leave messages on server` தேர்வாகியிருந்தது, அதன் கீழே `For at most 14 days` என்றும் இருந்தது. அப்படியானால் போனில் இரண்டு வார மெயில் தெரிந்திருக்க வேண்டும். நான்கு நாள் மட்டும் தெரிகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை யாரோ சர்வரைத் துடைத்திருக்கிறார்கள். இன்னொரு கணினியில் இதே கணக்கு பாப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார் முதலாளி.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று சனிக்கிழமை மாலை ஐமேப் கணக்கைச் சேர்த்தோம். மேசைக் கணினியின் பாப் கணக்கில் `Check for new messages at startup`, அதற்கடுத்த நிமிடக் கணக்கு, `Automatically download new messages` மூன்றையும் எடுத்துவிட்டேன். அப்புறம் 2015-ஆம் ஆண்டு மெயில்கள் ஐந்தை ஐமேப் இன்பாக்ஸுக்கும், வேறு ஐந்தைப் புதிதாக உருவாக்கிய `Test` என்ற ஃபோல்டருக்கும் `Copy To` மூலம் நகலெடுத்தேன். இழுத்துப் போடவில்லை. இழுத்தால் சில சமயம் நகல், சில சமயம் இடமாற்றம் என்று ஆகிவிடும். மெனுவில் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குழப்பம் கிடையாது. பிரவுசரில் திறக்கும் வெப்மெயிலில் பத்தும் தெரிந்தன.

திங்கள் காலை வெப்மெயிலைத் திறந்தபோது `Test` ஃபோல்டரில் ஐந்தும் பத்திரமாக இருந்தன. இன்பாக்ஸில் போட்ட ஐந்தும் இல்லை.

காரணம் பாப் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு அடையாள எண் தருகிறது. பாப் மென்பொருள் தான் ஏற்கெனவே எடுத்த எண்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாததை எல்லாம் புதிய மெயில் என்று எடுக்கிறது. நாம் ஏற்றும் பழைய மெயிலுக்குச் சர்வர் புதிய எண் கொடுக்கிறது. 2015-ஆம் ஆண்டு மெயிலானாலும் பாப்புக்கு அது இன்று வந்த மெயில்தான். எடுக்கும். எடுத்தபின் அழிக்கும்படி அமைத்திருந்தால் அழித்தும்விடும். இன்பாக்ஸ் மட்டுமே அதற்குத் தெரியும் என்பதால் `Test` தப்பித்தது. அன்று இன்பாக்ஸை ஏற்றத் தொடங்கியிருந்தால், ஏறியது எல்லாம் இப்படித்தான் போயிருக்கும். அதையும் முன்கூட்டிப் பிரதி எடுக்காமல், நகலெடுப்பதற்குப் பதில் இடமாற்றியிருந்தால், அந்த மெயில்கள் இருக்கும் ஒரே இடம் எங்கோ இருக்கும் அந்த இரண்டாவது கணினி என்றாகியிருக்கும்.

அது பள்ளத்தூரில், முதலாளி வீட்டு லேப்டாப். கணக்கர் சொன்ன பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. "அண்ணே, ஞாயித்துக்கிழமை ஐயா வீட்டுல விலைப்பட்டியல் பார்க்கணும்னு அவுட்லுக் போட்டுக் கொடுத்தோம்ல, அது." அதில் `Leave a copy of messages on the server` தேர்வாகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அது திறக்கப்படும்போது சர்வர் காலி. வார நாட்களில் வந்த மெயில்களை மேசைக் கணினி அதற்குள் எடுத்துவிட்டிருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தவை மட்டும் லேப்டாப்போடு நின்றுபோயின. "அனுப்பிட்டேன்னு சொல்றாங்க, நமக்கு வர்றதே இல்லை" என்று பட்டறையில் நெடுநாளாக இருந்த குறைக்கு இதுதான் விடை. ஆக, காப்பாற்ற வேண்டிய மெயில் ஒரு கணினியில் அல்ல, இரண்டில் இருந்தது.

இந்த இடத்தில் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: பழைய மெயிலை ஏற்றத் தொடங்கும் முன் மெயில் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எந்தக் கணினியில், எந்தப் பழைய போனில் பாப் இருக்கிறது என்று நினைவுபடுத்திக்கொண்டே இருப்பதை விட இது உறுதியானது. மறந்துபோன கருவி ஒவ்வொன்றும் தானாகவே வெளியே நின்றுவிடும். புதிய பாஸ்வேர்டை ஐமேப் கணக்குகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். பாப் கணக்கு பாஸ்வேர்ட் கேட்டுப் பெட்டி காட்டினால் ரத்து செய்துவிட வேண்டும். பழக்க தோஷத்தில் யாராவது அதில் புதிய பாஸ்வேர்டைத் தட்டிவிட்டால் கதை மறுபடி தொடங்கிவிடும், ஆகவே பட்டறையில் எல்லோரிடமும் இதைச் சொல்லி வைத்தேன். சில சேவைகளில் கணக்கின் அமைப்புப் பக்கத்திலேயே பாப்பை நிறுத்தும் வசதி உண்டு. இருந்தால் அதையும் செய்துவிடலாம்.

மாற்றும் முன் இரண்டு கணினியிலும் கடைசியாக ஒருமுறை பாப்பில் மெயில் எடுத்துக்கொண்டோம். லேப்டாப்பில் அவுட்லுக்கை மூடிவிட்டு, மெயில்கள் இருக்கும் `.pst` கோப்பை வெளி டிஸ்குக்கு நகலெடுத்தோம். அதில் 0.7 ஜிபி இருந்தது.

இடத்துக்கு என்ன செய்வது? சேவை நிறுவனத்திடம் பேசி ஒதுக்கீட்டை 5 ஜிபி ஆக்கிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஏற்றினால் 6.1 ஜிபி, அது கொள்ளாது. கொள்ளும் என்றாலும் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. ஒதுக்கீடு நிறைந்தால் புதிதாக வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், ஆர்டர் கொடுக்க நினைத்தவர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். வீட்டு ஃபோல்டர்கள் முழுவதும், 2020 முதலான இன்பாக்ஸும் அனுப்பியவையும், லேப்டாப்பில் இருந்த எல்லாமும் என்று முடிவு செய்தோம்: 1.4, 1.2, 0.4, 0.7, ஆக 3.7 ஜிபி. மிச்சம் மேசைக் கணினியிலேயே இருக்கட்டும். மகனுக்குப் போனில் வேண்டியது நடப்பு ஆர்டர்களும் வீட்டு விவரங்களும்தான். 2020-க்கு முந்தைய விசாரணை மெயில்களைப் பட்டறையில் தேடினால் போதும்.

வீட்டு ஃபோல்டர்களில் ஒரு சிக்கல் காத்திருந்தது. செட்டிநாட்டில் ஒரு வீட்டைக் குறிப்பிடுவது அந்தக் குடும்பத்தின் விலாசத்தை, அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகளை, வைத்துத்தான். கணக்கர் ஃபோல்டர்களுக்கும் அப்படியே பெயர் வைத்திருந்தார், `RM.KN. House` என்பது போல. கணினியில் அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சர்வரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டரைக் குறிக்கப் புள்ளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பல ஐமேப் சர்வர்களில் இப்படித்தான். `RM.KN. House` என்று அனுப்பினால் சர்வர் அதை `RM` என்ற ஃபோல்டருக்குள் `KN`, அதற்குள் ` House` என்று புரிந்துகொள்ளும், அல்லது ஏற்க மறுக்கும். முழு ஃபோல்டரையும் ஒரே வீச்சில் நகலெடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டால், எது போய்ச் சேர்ந்தது எது சேரவில்லை என்று பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ஐமேப் பக்கத்தில் `RM KN House` என்று புள்ளி இல்லாமல் ஃபோல்டர்களை முதலில் உருவாக்கி, மெயில்களை அதற்குள் நகலெடுத்தோம். பெயரில் சாய்கோடு இருந்தாலும் இதே கவனம் வேண்டும், வேறு சில சர்வர்களில் பிரிப்புக் குறி அதுதான்.

இன்பாக்ஸை ஆண்டுவாரியாக `2020`, `2021` என்று தனி ஃபோல்டர்களுக்குத்தான் ஏற்றினோம், சர்வரின் இன்பாக்ஸுக்கு அல்ல. இதற்கு இரண்டு காரணங்கள். எங்காவது ஒரு பாப் கருவி மறுபடி உயிர் பெற்றாலும் இந்த ஃபோல்டர்களை அதனால் தொட முடியாது. அடுத்து, பாதியில் மின்சாரம் போனாலோ இணைப்பு அறுந்தாலோ எந்த ஆண்டில் நின்றது என்று தெரியும். அந்த ஒரு ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். நின்ற இடம் தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி நகலெடுத்தால் ஒவ்வொரு மெயிலும் இரண்டு இரண்டாக வந்து நிற்கும். ஒரு தடவைக்குச் சில நூறு மெயில்களுக்கு மேல் தேர்ந்தெடுக்காமல் ஏற்றினோம். ஓரிடத்தில் ஏற்றம் அப்படியே நின்றுவிட்டால், அந்தக் கட்டில் பழுதான மெயில் ஒன்று இருக்கலாம். கட்டைப் பாதி பாதியாகப் பிரித்து அனுப்பிப் பார்த்தால் எது என்று பிடிபடும்.

லேப்டாப்பிலும் அதே முறைதான். அவுட்லுக்கில் ஐமேப் கணக்கைச் சேர்த்து, பழைய கோப்பில் இருந்தவற்றை `Laptop` என்ற தனி ஃபோல்டருக்கு நகலெடுத்தோம். மேசைக் கணினியும் எடுத்திருந்த வார நாள் மெயில்கள் அங்கேயும் இருப்பதால் இரட்டைகள் நிறைய. அவற்றை அன்றைக்கே களைய வேண்டாம் என்றேன். இரட்டையாக இருப்பதால் கெடுவது கொஞ்சம் இடம் மட்டும். அவசரத்தில் களையப்போய் ஒற்றையை அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

தேதியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒரு மெயிலுக்கு இரண்டு தேதிகள் உண்டு. அனுப்பியவர் எழுதிய தேதி மெயிலுக்குள்ளேயே இருக்கிறது. சர்வர் தன் பங்குக்கு வந்து சேர்ந்த தேதி ஒன்றையும் குறித்து வைக்கிறது. ஏற்றும் மென்பொருள் பழைய தேதியைச் சேர்த்து அனுப்பாவிட்டால், சர்வர் இன்றைய தேதியைப் போட்டுவிடும். சில போன் செயலிகள் இந்த இரண்டாவது தேதியை வைத்துத்தான் வரிசைப்படுத்துகின்றன. அப்போது 2016 மெயில்கள் எல்லாம் இன்று வந்தவை போல மேலே நிற்கும். மெயில் கெட்டுவிடவில்லை, திறந்தால் பழைய தேதி உள்ளே இருக்கும், ஆனால் தேடுபவருக்குப் பெரும் தொல்லை. சோதனைக்குப் போட்ட ஐந்து மெயில்களைப் போனில் பார்த்து இதை முதலிலேயே உறுதி செய்துகொண்டேன். தண்டர்பேர்டிலிருந்து ஏற்றியவை சரியாக நின்றன.

எல்லாம் ஏறியதும் சரிபார்த்தது வெப்மெயிலில்தான். தண்டர்பேர்ட் தன்னிடம் உள்ள நகலையே காட்டக்கூடும் என்பதால் அதில் தெரிவதைச் சர்வரில் இருப்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஃபோல்டர் ஒவ்வொன்றிலும் மெயில் எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிட்டோம். ஒவ்வொன்றிலும் மிகப் பழைய மெயிலையும், மிகப் பெரிய இணைப்பு உள்ள மெயிலையும் திறந்து, வரைபடத்தை இறக்கிப் பார்த்தோம்.

அதில்தான் சில மெயில்களில் வரைபடம் திறக்காதது தெரிந்தது. கணக்கர் இடம் மிச்சப்படுத்த எண்ணி, தண்டர்பேர்டில் `Detach` கொடுத்து இணைப்பை `D:` டிரைவுக்கு எடுத்திருக்கிறார். அப்படி எடுத்தால் மெயிலில் மிஞ்சுவது கோப்பு இருக்கும் பாதை மட்டுமே. மேசைக் கணினியில் சொடுக்கினால் திறக்கும், கோவையில் இருக்கும் போனில் எப்படித் திறக்கும்? அந்த வரைபட ஃபோல்டரை வெளி டிஸ்கில் நகலெடுத்து, நடப்பில் உள்ள வீடுகளின் வரைபடங்களை மட்டும் அந்தந்த வீட்டு ஃபோல்டரில் இருக்கும்படி புதிய மெயிலாக இணைத்து வைத்தோம்.

கடைசியாகப் பழைய பாப் கணக்கு. இதை நீக்க யாரும் அவசரப்பட வேண்டாம். முதலில் அதிலுள்ள ஃபோல்டர்களைத் தண்டர்பேர்டின் `Local Folders` என்ற பகுதிக்கு நகலெடுத்து, எண்ணிக்கை ஒப்பிட்டோம். இந்தப் பகுதி எந்தச் சர்வரோடும் பேசாது, ஆகவே 2020-க்கு முந்தையவை எல்லாம் இங்கே பத்திரம். ஒரு மாதம் போல எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கணக்கை நீக்கினோம். நீக்கும்போது வரும் பெட்டியில் `Remove message data` என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொடக் கூடாது. அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கணக்கின் மெயில் கோப்புகள் டிஸ்கிலிருந்தே போய்விடும்.

அந்த ஒரு மாதத்தில் பழைய பாப் இன்பாக்ஸைச் சுத்தம் செய்கிறேன் என்று கணக்கர் கிளம்பினார், வேண்டாம் என்று தடுத்தேன். பாப் அமைப்பில் `Until I delete them` என்பதும் தேர்வாகியிருந்தது. கணினியில் அழித்த மெயிலை அடுத்தமுறை சர்வரைத் தொடும்போது அங்கேயும் அழிக்கச் சொல்லும் கட்டளை அது. பாஸ்வேர்ட் மாறியிருப்பதால் இப்போது அது நடக்காது என்றாலும், அந்தத் தேர்வையும் எடுத்துவிட்டோம்.

ஐமேப் வந்துவிட்டதால் பிரதி எடுக்கத் தேவையில்லை என்று மகன் நினைத்தார். அது தவறு. கோவையில் போனில் ஒரு மெயிலை அழித்தால் ஆத்தங்குடியிலும் அழியும், ஐமேப்பின் வேலையே அதுதான். ஆகவே மேசைக் கணினியில் `Synchronization & Storage` பகுதியில் எல்லா மெயிலும் கணினியிலும் தங்கும்படி தேர்வு செய்து, மேலே சொன்ன அதே `robocopy` வரியை மாதம் ஒருமுறை வெளி டிஸ்கை மாட்டி ஓட்டும்படி கணக்கருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதத்துக்கும் வேறு ஃபோல்டர் பெயர், பழையதன் மேல் எழுதக் கூடாது. போனில் அனுப்பிய மெயில்கள் சர்வரில் பட்டறை பயன்படுத்தும் அதே `Sent` ஃபோல்டருக்குள் விழுகின்றனவா என்றும் பார்த்தோம். முதலில் `Sent Items` என்று தனியாக ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. போன் செயலியின் அமைப்பில் ஃபோல்டரை மாற்றிக் கொடுத்ததும், மகன் கோவையிலிருந்து போடும் பதில் பட்டறையில் கணக்கர் பார்க்கும் இடத்திலேயே வந்து சேர்கிறது.